மூச்சை விட்டுக்கொண்டு அளவு கொடுத்தவள்

குண்டூசி பொய் சொல்ல வாயைத் திறந்தால் மூன்று தெருவுக்கு விளக்கு அணைந்துபோகும். சரி, கொஞ்சம் கூட்டித்தான் சொல்லிவிட்டேன். அணையாது, மங்கும். அதையும் நம்ப மாட்டோம் என்று அடம்பிடிப்பவர்கள், அவளுடைய காது மடல் சிவக்கும் என்பதையாவது ஒப்புக்கொள்ள வேண்டும். அதற்குக் கீழே இறங்கி வர எனக்கு மனமில்லை.

பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் செய்கிறது. ஆனால் வாயில் நாலு குண்டூசியைக் கவ்விக்கொண்டே பேசுகிறவளை வேறு எப்படிக் கூப்பிடுவது? கணவர் தையல்காரர். கடை என்று சொல்வதற்கு ஒரு நீண்ட அறை. முன்னால் வெட்டு மேசை, நடுவில் இரண்டு தையல் இயந்திரங்கள், கடைசியில் ஒரு திரை, திரைக்குப் பின்னால் ஆள் உயரக் கண்ணாடியும் ஒரு முக்காலியும். அதுதான் உடுத்திப் பார்க்கும் அறை. புதுத்துணி தைப்பதைவிட, வாங்கிய துணியைச் சரிசெய்து தருவதே அங்கே பெரிய வேலை. பேன்ட் நீளத்தைக் குறைப்பது, இடுப்பைப் பிடிப்பது, ஜிப் மாற்றுவது. தையல்காரர் அளவெடுப்பார், குண்டூசி ஊசி குத்திக் குறிப்பாள். கல்யாணமான நாளிலிருந்து இந்த ஜோடி இப்படித்தான் ஒருவர் காலடியில் ஒருவர் வேலை செய்துகொண்டிருக்கிறார்கள்.

இப்படிப்பட்டவளுக்கு வேறு வேலைமேல் ஆசை வந்ததற்குக் காரணம் ஒரு லிஃப்ட்.

ஓர் அலுவலகக் கட்டடத்துக்குத் தைத்த பேன்ட்டுகளைக் கொடுக்கப் போனபோது, இரண்டு மாடிகளுக்கு நடுவில் லிஃப்ட் நின்றுவிட்டது. உள்ளே அவளும் ஒரு மூட்டைப் பேன்ட்டும். மஞ்சள் பொத்தானை அழுத்தினாள். சுவரில் சல்லடை போலிருந்த ஒலிபெருக்கி வழியாக ஒரு பெண்குரல் வந்தது. "பயப்படாதீங்கம்மா, நான் லைன்லயே இருக்கேன். உள்ள எத்தனை பேர் இருக்கீங்க?" அவ்வளவுதான். மெக்கானிக் வந்து கதவைத் திறக்கும்வரை அந்தக் குரல் போகவில்லை. கையில் என்ன என்று கேட்டது, பேன்ட் என்றதும் எண்ணச் சொன்னது, எண்ணி முடித்ததும் "எதுக்கும் இன்னொரு தடவை எண்ணுங்க, வெளிய வந்ததும் ஒண்ணு குறைஞ்சா என் பேர்ல போட்டுடுவாங்க" என்றது. குண்டூசி சிரித்துவிட்டாள். அந்தரத்தில் தொங்கிக்கொண்டு சிரித்த முதல் பெண்பிள்ளை அவளாகத்தான் இருக்க வேண்டும்.

அன்றிலிருந்து அவளுக்கு அந்தக் குரலாக ஆக வேண்டும். பிள்ளைகள் டாக்டராக வேண்டும், பைலட்டாக வேண்டும் என்று ஆசைப்படுவதில்லையா? அவளுக்கு அது நாற்பது வயதுக்குமேல் வந்தது. அவ்வளவுதான் வித்தியாசம்.

லிஃப்ட் கம்பெனியில் அப்போது ஆள் எடுக்கவில்லை. ஒத்திகை பார்த்த மாதிரி இருக்கட்டும் என்று முதலில் ஒரு மருத்துவமனையின் முன்பதிவுப் பிரிவுக்கு விண்ணப்பம் போட்டாள். அதுவும் தொலைபேசியில் பேசும் வேலைதானே. இரண்டு நாளில் மின்னஞ்சலில் ஒரு சுட்டி வந்தது. "உங்கள் இயல்பைப் பற்றிய வினாத்தாள். வீட்டிலிருந்தே நிரப்பலாம்" என்று எழுதியிருந்தது.

வீட்டிலிருந்தே என்ற சொல்லை அந்த வீடு எப்படிப் புரிந்துகொண்டது தெரியுமா? வீடே சேர்ந்து நிரப்பலாம் என்று.

வெட்டு மேசைமேல் மடிக்கணினி வைக்கப்பட்டது. நடுநாயகமாக நாத்தனார். ஒரு பெரிய கடையில் வாசனைத் திரவியம் விற்கிறவள். வருகிறவர் போகிறவர் எல்லோரையும் பத்து வருஷம் பழகியவள் போலப் பேசிக் கவிழ்ப்பவள். வலதுபக்கம் மாமியார், இடதுபக்கம் தையல்காரர். குண்டூசிக்குத்தான் உட்கார இடமில்லை. நின்றுகொண்டிருந்தாள்.

"'புதியவர்களோடு கலந்து பழகுவது எனக்கு உற்சாகம் தரும்'" என்று வாசித்தாள் நாத்தனார். "முற்றிலும் உடன்படுகிறேன். போட்டாச்சு."

"ஏய், எனக்கு எங்கடி உற்சாகம் வரும்? கூட்டத்தைப் பார்த்தா தலைவலிதான் வரும்."

"அண்ணி, அது உங்களுக்குத் தெரியும், எனக்குத் தெரியும். ஆஸ்பத்திரிக்கு எதுக்குத் தெரியணும்? நான் இதுல தந்திரம் எல்லாம் வீடியோ பார்த்து வச்சிருக்கேன். நீங்க சும்மா இருங்க."

"'எனக்கு எளிதில் கோபம் வரும்'னு கேட்டிருக்கான்" என்றார் தையல்காரர், எட்டிப் பார்த்து.

மூவரும் குண்டூசியைத் திரும்பிப் பார்த்தார்கள். பிறகு மூன்று பேரும் ஒன்றாகச் சிரித்தார்கள். 'முற்றிலும் உடன்படவில்லை' என்று குறிக்கப்பட்டது.

"எதுக்கும்மா வம்பு, எல்லாத்துக்கும் நடுவுல இருக்கறதைப் போட்டுடு" என்றார் மாமியார். "ஆமாம்னும் சொல்லல, இல்லன்னும் சொல்லல. நாளைக்கு யாரும் பிடிக்க முடியாது பாரு."

"அம்மா, எல்லாம் நடுவுலயே போட்டா ஆளே இல்லாத வீடு மாதிரி இருக்கும்" என்று நாத்தனார் அதட்டினாள். அதில் அவள் சொன்னது சரிதான். மற்றதெல்லாம் தப்பு.

ஒவ்வொரு வாக்கியத்துக்கும் வாதம், பிரதிவாதம், சில சமயம் வாக்கெடுப்பு. இதில் ஏதோ உள்குத்து இருக்கிறது என்று நாத்தனார் ஒவ்வொன்றையும் முகர்ந்து பார்த்தாள். 'திட்டம் போட்டுத்தான் எதையும் செய்வேன்' என்பதற்கு ஆமாம். ஒரு பக்கம் தள்ளி 'திட்டமில்லாமல் இறங்குவதில்தான் எனக்குச் சுவாரஸ்யம்' என்பதற்கும் ஆமாம். துணிச்சல்காரி என்று நினைப்பார்களாம். 'நான் ஒருபோதும் யாரைப் பற்றியும் குறை பேசியதில்லை' என்பதற்கு மூவரும் ஏகமனதாக ஆமாம் போட்டார்கள். போட்ட கையோடு அடுத்த வீட்டுக்காரியைப் பற்றி ஒரு சுற்றுப் பேசிவிட்டுத்தான் அடுத்த வாக்கியத்துக்கு வந்தார்கள்.

நேர்முகத்தில் நடந்ததைக் கேளுங்கள். எதிரே இருந்த பெண் அறிக்கையைப் பார்த்துவிட்டு, "பெரிய கூட்டத்துல முன்னாடி நின்னு பேசறது பிடிக்கும்னு சொல்லியிருக்கீங்க. கடைசியா எப்போ அப்படிப் பேசினீங்க?" என்று மரியாதையாகக் கேட்டாள். குண்டூசி வாயைத் திறந்தாள். காது மடல் சிவந்தது. விளக்கு மங்கியதா என்று அந்தப் பெண்தான் சொல்ல வேண்டும். கூட்டத்தில் பேசியது நாத்தனார். கோபமே வராதது யாரென்று யாருக்கும் தெரியாது. துணிச்சல் வீடியோவிலிருந்து வந்தது. தன்னைப் பற்றிய கேள்விக்குத் தன்னிடம் பதில் இல்லாமல் முழித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"தப்பா நினைக்காதீங்க" என்றாள் அந்தப் பெண் கடைசியில். "பதிலெல்லாம் ரொம்ப மெருகேத்தி இருக்கு. சிலது ஒண்ணுக்கொண்ணு சேரவும் இல்ல. இதை வச்சு உங்களைப் பத்தி எங்களால எதுவும் தெரிஞ்சுக்க முடியல."

வீட்டுக்கு வந்தவளிடம் நாத்தனார், "எந்தக் கேள்வியில விட்டோம்?" என்றாள்.

"எல்லாத்துலயும் என்னை விட்டுட்டோம்" என்றாள் குண்டூசி.

மழைக்காலம் போய் வெயில் வந்தபோது, லிஃப்ட் கம்பெனியே விளம்பரம் செய்தது. அவசர அழைப்பு மேசைக்கு ஆட்கள் தேவை, முன் அனுபவம் அவசியமில்லை, பயிற்சி தரப்படும். கீழே சிறிய எழுத்தில் இன்னொன்றும் இருந்தது: தேர்வாகாதவர்கள் ஒரு வருடம் கழித்தே மறுபடி விண்ணப்பிக்கலாம். விண்ணப்பித்தாள். சுட்டி வந்தது. மறுபடியும் அதே மாதிரி வினாத்தாள்.

நாத்தனார் புதிதாக இரண்டு வீடியோ பார்த்துவிட்டுத் தயாராக இருந்தாள். "இந்தத் தடவை கம்பெனிக்கு என்ன அளவோ அதுக்குத் தகுந்த மாதிரி பதிலை வெட்டணும் அண்ணி. லிஃப்ட்டுன்னா பொறுமை வேணும். பொறுமை எங்க வந்தாலும் முற்றிலும், முற்றிலும்னு போட்டுத் தள்ளிடலாம்."

அப்போது குண்டூசி ஒரு வாடிக்கையாளரின் காலடியில் உட்கார்ந்து பேன்ட் விளிம்பில் ஊசி குத்திக்கொண்டிருந்தாள். தொந்தி உள்ள மனிதர். தையல்காரர் நாடாவை இடுப்பில் சுற்றியதும், அந்த மனிதர் மூச்சை இழுத்து, வயிற்றை எக்கி முதுகெலும்போடு ஒட்டவைத்து, கண்ணாடியில் தன்னைப் பார்த்து ராஜகுமாரன்போல நின்றார்.

தினமும் நாலு பேரிடம் சொல்வதைத் தையல்காரர் அன்றும் சொன்னார். "மூச்சை விடுங்க சார். எப்படியும் வீட்டுக்குப் போய் விடத்தானே போறீங்க? நீங்க விட்டதும் பொத்தான் தெறிக்கும். திட்டு எனக்கு விழும்."

அந்த மனிதர் வெட்கப்பட்டுச் சிரித்து மூச்சை விட்டார். தொந்தி தன் இடத்துக்குத் திரும்பி வந்தது. நாடாவில் உண்மையான அளவு வந்தது.

குண்டூசி வாயிலிருந்த ஊசிகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பஞ்சில் குத்தினாள். இந்த வசனத்தைக் கேட்டுக் கேட்டு அவளுக்குக் காது மரத்துப்போயிருந்தது. அன்றைக்குத்தான் முதல்முறையாகக் கேட்டாள். ஆஸ்பத்திரியில் தான் எக்கிக்கொண்டு நின்றது, அதுவும் மூன்று பேருடைய வயிற்றைச் சேர்த்து எக்கிக்கொண்டு நின்றது, நினைவுக்கு வந்தது. அப்படி எக்கி ஒரு வேலையே கிடைத்திருந்தாலும், அந்தச் சட்டைக்குள் தினமும் மூச்சைப் பிடித்துக்கொண்டுதானே உட்கார்ந்திருக்க வேண்டும்?

எழுந்தாள். மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு உடுத்திப் பார்க்கும் அறைக்குள் போய்த் திரையை இழுத்துவிட்டாள்.

"ஏங்க, யாராவது உடுத்திப் பார்க்கணும்னு வந்தா கொஞ்சம் காத்திருக்கச் சொல்லுங்க. நான் அளவு கொடுத்துட்டு இருக்கேன்."

"யாருக்கு?"

"லிஃப்ட்டுக்கு."

முக்காலியில் உட்கார்ந்தாள். முதல் பக்கத்தில் இருந்த குறிப்பைப் போன தடவை யாரும் வாசிக்கவே இல்லை. அமைதியான இடத்தில் தனியாக உட்கார்ந்து நிரப்பவும். சரி, தவறு என்று இதில் விடை கிடையாது. வேலையில் நீங்கள் வழக்கமாக எப்படி நடந்துகொள்வீர்கள் என்று நினைத்து, முதலில் தோன்றுவதைக் குறிக்கவும். எந்த வாக்கியத்திலும் அதிக நேரம் தங்க வேண்டாம். இவ்வளவையும் கொட்டை எழுத்தில் போட்டிருந்தார்கள்.

'ஒரு வேலையைத் தொடங்கினால் முடிக்காமல் விடமாட்டேன்.' பிரிந்த தையலை அப்படியே வைத்துவிட்டு அவள் தூங்கப் போனதில்லை. முற்றிலும் உடன்படுகிறேன்.

'பலர் நடுவில் இருக்கும்போது என் உற்சாகம் கூடும்.' இல்லை. உடன்படவில்லை.

'மற்றவர்களிடம் சில நேரங்களில் பொறுமை இழப்பேன்.' இங்கே விரல் நின்றது. லிஃப்ட்டுக்குப் பொறுமை வேண்டும் என்று திரைக்கு வெளியிலிருந்து நாத்தனாரின் குரல் வந்தது. அல்லது வந்த மாதிரி இருந்தது. குண்டூசி கண்ணாடியில் தன்னைப் பார்த்தாள். தோள் இரண்டும் காதுவரை ஏறியிருந்தது. மூச்சை விட்டாள். தோள் இறங்கியது. உடன்படுகிறேன்.

அதற்குப் பிறகு வண்டி ஓடியது. ஒன்றை வாசிப்பாள், அப்படியா என்று தன்னையே கேட்பாள், குறிப்பாள், அடுத்தது. 'நான் ஒருபோதும் யாரைப் பற்றியும் குறை பேசியதில்லை.' காலையில்தான் நாத்தனாரின் வாசனைத் திரவியத்தைப் பற்றி மாமியாரிடம் பேசியிருந்தாள். முற்றிலும் உடன்படவில்லை. நடுவில் இருந்ததை அவள் தொடவே இல்லை என்றில்லை. 'புதிய கருவிகளைக் கற்றுக்கொள்வது எனக்கு எளிது' என்பதற்கு உண்மையாகவே பாதி ஆமாம், பாதி இல்லை. அங்கே நடுவில் போட்டாள்.

கொஞ்ச தூரம் போனதும், கேட்டதையே வேறு சட்டை போட்டுக் கேட்டிருந்தார்கள். 'கூட்டத்தைவிட ஒருவரோடு பேசுவதே எனக்குப் பிடிக்கும்.' முன்னால் என்ன போட்டோம் என்று திரும்பிப் பார்க்கப் போனாள். பக்கம் பின்னால் போக மறுத்தது. பிறகு, "முன்னாடி பதில் சொன்னதும் இவதானே, இவளையே கேட்டா போச்சு" என்று கண்ணாடியில் தெரிந்தவளைக் காட்டிச் சொல்லிவிட்டு, உடன்படுகிறேன் என்று போட்டாள்.

"அண்ணி, சந்தேகம் இருந்தா கூப்பிடுங்க" என்று திரைக்கு வெளியே குரல்.

"என்னைப் பத்தி எனக்கே சந்தேகம் வந்தா கூப்பிடறேன்."

ஒரு பேன்ட்டின் இரண்டு காலையும் மடித்துத் தைக்கிற நேரத்தில் வெளியே வந்துவிட்டாள். மாமியார், "அதுக்குள்ள முடிஞ்சிடுச்சா? போன தடவை சாயங்காலம் வரைக்கும் ஆச்சே" என்றார்.

"போன தடவை மூணு பேருக்கு அளவெடுத்தோம் அத்தை. இது ஒரு ஆளுக்குத்தான்."

நேர்முகத்துக்கு அழைப்பு வந்தது. சுற்றிலும் கணினித் திரைகளும் காதில் மாட்டும் ஹெட்செட்டுகளுமாக இருந்த ஒரு கூடத்தைக் கடந்து, கண்ணாடிச் சுவர் போட்ட அறைக்குள் கூட்டிப்போனார்கள். ஆள் எடுக்கும் பிரிவு அதிகாரி ஒருவர், அழைப்பு மேசையின் மேற்பார்வையாளர் அம்மாள் ஒருவர். அன்று லிஃப்டில் பேன்ட் எண்ணச் சொன்ன குரல் இந்த அம்மாளுடையதுதான் என்று எழுத எனக்குக் கை துடிக்கிறது. ஆனால் அந்தக் குரலுக்குச் சொந்தக்காரர் முன்பே ஓய்வுபெற்றுப் போய்விட்டாராம். என்ன செய்வது?

"முதல்லயே சொல்லிடறேன்" என்றார் அதிகாரி. "இந்த வினாத்தாள் பாஸ், ஃபெயில் போடறது இல்ல. இதை வச்சு உங்ககிட்ட என்ன கேட்கலாம்னு பார்ப்போம். அவ்வளவுதான்."

மேற்பார்வையாளர் நேரே விஷயத்துக்கு வந்தார். "சில நேரம் பொறுமை போயிடும்னு சொல்லியிருக்கீங்க. எப்போ போகும்?"

குண்டூசிக்குத் தேட வேண்டியிருக்கவில்லை. பதில் அவளுடையதாயிற்றே, கையெட்டும் இடத்தில் இருந்தது.

"வேலை செய்யறப்ப தோள்மேல எட்டிப் பார்த்து ஆளாளுக்கு யோசனை சொன்னா போயிடும் மேடம். பயந்துபோய் வர்றவங்ககிட்ட போகாது. ஒரு பையன் இன்டர்வியூக்குப் போற வழியில பேன்ட் தையல் விட்டுப்போய் கடைக்கு ஓடிவந்தான். கத்தினான், அழுதான், என்னையும் திட்டினான். எனக்குக் கோபமே வரல. உட்கார வச்சு, பேச வச்சுக்கிட்டே தைச்சுக் கொடுத்தேன்."

"பொறுமை போனா என்ன செய்வீங்க?"

"ஊசியைக் கீழ வச்சிடுவேன். கையில ஊசியோட கோபப்பட்டா அது நம்ம விரல்லதான் ஏறும். ஒரு வாய் தண்ணி குடிச்சிட்டு மறுபடி எடுப்பேன்."

அதிகாரி எழுதிக்கொண்டார். மேற்பார்வையாளர் விடவில்லை. "கூட்டம் பிடிக்காது, ஒரு ஆளோட பேசறதுதான் பிடிக்கும்னும் இருக்கு. பாதி நாள் இங்க அப்படித்தான். ஆனா பெரிய மழையில கரண்ட் போச்சுன்னா எல்லா லைனும் ஒண்ணா அடிக்கும். அப்போ?"

இங்கேதான் எக்குவதற்கு நல்ல வாய்ப்பு. 'அதெல்லாம் சமாளிச்சிடுவேன் மேடம்' என்ற சட்டை தைத்துத் தயாராகத் தொங்கியது. அந்த வேலைக்காக அவள் ஏங்கிய ஏக்கம் எனக்குத் தெரியும். அந்த ஒரு வார்த்தையைச் சொல்லியிருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். குண்டூசி தோளை இறக்கினாள்.

"அது எனக்குக் கஷ்டமா இருக்கும் மேடம். இதுவரைக்கும் அப்படிச் செஞ்சதில்ல. சொல்லிக்கொடுத்தா கத்துக்குவேன். ஆனா முதல் நாளே வந்துடும்னு சொல்ல மாட்டேன்."

மேற்பார்வையாளர் பேனாவை மூடினார். அது நல்ல அடையாளமா, கெட்ட அடையாளமா என்று அவளுக்குப் பிடிபடவில்லை. அடுத்து ஓர் ஒத்திகை: என்னென்ன கேட்க வேண்டும் என்று ஒரு தாளைக் கொடுத்துவிட்டு, பக்கத்து அறையிலிருந்து அதிகாரி லிஃப்டில் மாட்டிக்கொண்டவராக நடித்துத் தொலைபேசியில் கத்தினார். "கதவைத் தள்ளித் திறக்கப் போறேன்!" என்றார். நடிப்பு மட்டம்தான்.

"தள்ளாதீங்க சார், அது ஆபத்து. நான் லைன்லயே இருக்கேன். உள்ள எத்தனை பேர்? யாருக்காவது உடம்பு முடியலையா? பொத்தான் பலகைக்கு மேல ஒரு எண் எழுதியிருக்கும், நிதானமா வாசிங்க" என்றாள் குண்டூசி. அவர் ஏதோ ஓர் எண்ணை வாசித்து முடித்ததும், "கையில என்ன வச்சிருக்கீங்க?" என்றாள்.

"என்னது? பை... பைல கோப்பு இருக்கு."

"எத்தனை கோப்பு? எண்ணிச் சொல்லுங்களேன்."

கண்ணாடிச் சுவருக்கு அந்தப்பக்கம் அதிகாரி உண்மையிலேயே எண்ணத் தொடங்கியதை மேற்பார்வையாளர் பார்த்தார். அப்புறம்தான் சிரித்தார்.

வேலை கிடைத்தது. கடிதத்தில் கூடவே ஒரு வரி: முதல் மூன்று மாதம் அனுபவமுள்ளவர் பக்கத்தில் இருக்க, பல அழைப்புகளை ஒன்றாகக் கையாளத் தனிப் பயிற்சி. கஷ்டம் என்று அவள் சொன்ன அந்த இடத்தில்தான் சரியாகத் துணி விட்டுத் தைத்திருந்தார்கள். சமாளிப்பேன் என்று எக்கியிருந்தால், முதல் பெருமழையிலேயே தையல் விட்டிருக்கும்.

பெருமழை பிறகு வந்தது. எல்லா லைனும் அடித்தன. அவள் தடுமாறினாள், பக்கத்து இருக்கைக்காரி இரண்டு அழைப்பை வாங்கிக்கொண்டாள், மீதியை இவள் பார்த்தாள். அடுத்த மழையில் யாரும் கை கொடுக்கத் தேவைப்படவில்லை. இப்போது மழை வந்தால் மற்றவர்கள் இவளைத் தேடுகிறார்கள். ஊரில் அந்தரத்தில் நிற்கிறவர்கள் எல்லோரும் தங்கள் கையிலிருப்பதை எண்ணிக்கொண்டிருந்தால், மறுமுனையில் யார் என்று நீங்களே தெரிந்துகொள்ளலாம். நாத்தனாரும் போன வாரம் ஒரு புதிய கடையில் வேலைக்காக இப்படியொரு வினாத்தாளை நிரப்பினாள். வீடியோ பார்க்கவில்லை. திரைக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொண்டு, 'புதியவர்களோடு பழகுவது உற்சாகம் தரும்' என்பதற்கு முற்றிலும் உடன்படுகிறேன் என்று போட்டாளாம். அவளுக்கு அது உண்மை.

ஆக, பிறந்ததிலிருந்து இன்றுவரை யாருக்கும் எக்கிக்கொண்டு அளவு கொடுக்காத பெண் ஒருத்தி உண்டென்றால், ஆஸ்பத்திரிக் கணக்கைத் தள்ளிவிட்டால், அது நம் குண்டூசிதான் என்று முடித்து, அவளுக்கு விடுமுறையான ஒரு நாளில் தையல் கடையில் இதை வாசித்துக் காட்டினேன். இயந்திரத்தை நிறுத்தாமலே கேட்டுக்கொண்டிருந்த தையல்காரர், கடைசி வரியில் மிதியிலிருந்து காலை எடுத்துவிட்டார்.

"அந்த வரியை மாத்திடுங்க. எங்க கல்யாணத்துக்கு முன்னாடி, முதல் தடவை ஒரு சட்டைக்கு அளவு கொடுக்க இந்தக் கடைக்கு வந்தா. நான் நாடாவைப் பிடிச்சதும் மூச்சை இழுத்துக்கிட்டு நின்னா பாருங்க, அப்படி ஒரு எக்கு நான் இன்னும் பார்க்கல. ரெண்டு தடவை பிரிச்சுத் தைச்சேன்."

குண்டூசியின் வாயில் நாலு ஊசி இருந்தது. மறுத்துப் பேச வழியில்லை. காது மடல் மட்டும் சிவந்தது.